நெத்தியும் துண்டும்: ஒரு மாஸ்க் பஞ்சாயத்து

டிஸ்கி: இது மொக்கை இல்ல, ஆனா கொஞ்சம் நீளம். முகம் மாத்தற வீடியோ வேலையில கை வச்சவங்களுக்கும், வைக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கும். மத்தவங்க கடைசி பத்திக்குத் தாவிடலாம், அப்பாயி அங்கதான் இருக்காங்க :-)

போன மாசம் நண்பர் ஒருத்தர் எழுதியிருந்தார்: "லேண்ட்மார்க் மாஸ்க் எல்லாம் மியூசியத்துக்குப் போயாச்சு. நெட்வொர்க் மாஸ்க்கை டிக் பண்ணுங்க, போய்க்கிட்டே இருங்க." படிச்சதுலேர்ந்து வயித்தெரிச்சல். ஏன்னா அவர் சொன்ன மாதிரியே டிக் பண்ணிட்டுப் போய்க்கிட்டே இருந்துதான் ரெண்டு வாரம் வீணாச்சு. எதிர்பதிவு போடாம தூக்கம் வராது போல.

முதல்ல கதை. எங்க தாத்தா 2011-ல தவறிட்டார். 2008-ல திருக்கடையூர்ல அவருக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தப்ப எடுத்த கேசட் ரெண்டரை மணி நேரம் இருக்கு. முகம் நல்லா விழுந்த ஒரே வீடியோ அதுதான். ஆனா அதுல அவர் மாலையும் பட்டு வேட்டியுமா உட்கார்ந்தே இருக்கார். வயல்ல நடக்கற மாதிரி ஒரு வீடியோ கூட கிடையாது. அப்பாயிக்கு அது ஒரு குறை. அக்கா பையன் ஒரு நாள், "மாமா, சின்னத் தாத்தாவை வரப்புல நடக்கவச்சு எடுத்து, முகத்தை மட்டும் மாத்திட்டா என்ன?"ன்னான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகு. சின்னத் தாத்தாவும் சரின்னுட்டார். கார்த்திகை மாசம் சம்பா பச்சைப் பசேல்னு நிக்கறப்ப, நட்ட நடு மத்தியானம் எடுத்தோம். 40 விநாடி, விநாடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 1000 ஃபிரேம். தலையில முண்டாசு, நெத்தியில பட்டை விபூதி, தோள்ல துண்டு. நடுவுல ஒரு இடத்துல துண்டை எடுத்து முகத்தைத் தொடைச்சுக்கறார். அது 55 ஃபிரேம். இந்த 55-ஐ ஞாபகம் வச்சுக்கங்க.

மாஸ்க்னா என்னன்னு ரெண்டே வரியில சொல்லிடறேன். நெட்வொர்க் ஒரு சதுரத்துக்குள்ள தாத்தா முகத்தை வரைஞ்சு குடுக்கும். அந்தச் சதுரத்துல எந்தப் பகுதி வீடியோவுக்குள்ள போகணும், எங்க சின்னத் தாத்தாவோட அசல் படம் அப்படியே நிக்கணும்னு சொல்ற கறுப்பு வெள்ளைப் படம்தான் மாஸ்க். வெள்ளை இருக்கற இடத்துல புது முகம், கறுப்புல பழைய படம். ஓரத்துல சாம்பல் நிறமா இருந்தா ரெண்டும் கலக்கும்.

லேண்ட்மார்க் மாஸ்க்ல மூளைக்கு வேலை கம்மி. முகத்துல 68 புள்ளி கண்டுபிடிக்கும். தாடை ஓரம் 17, புருவம் 10, மூக்கு 9, கண் 12, வாய் 20. இந்தப் புள்ளிகளைச் சுத்தி ரப்பர் பேண்ட் மாட்டின மாதிரி ஒரு கோடு. உள்ள வெள்ளை, வெளிய கறுப்பு, அவ்ளோதான். இந்தக் கணக்குல நெத்திக்கு எத்தனை புள்ளின்னு பாருங்க. பூஜ்யம்! புருவத்தோட முகம் முடிஞ்சுபோகுது.

முதல் தடவை செஞ்சு அப்பாயிகிட்ட போட்டுக் காட்டினப்ப அவங்க சொன்னது: "கண்ணு அவருதுதான்டா. ஆனா நெத்தி உங்க சின்னத் தாத்தனோடது." ஒரு பார்வையில கண்டுபிடிச்சுட்டாங்க. தாத்தா நெத்தியில ஏர் ஓட்டின மாதிரி மூணு ரேகை ஆழமா ஓடும். சின்னத் தாத்தாவுக்கு வழவழன்னு இருக்கும். இதுக்குன்னே `faceswap` மென்பொருள்ல `extended`னு ஒரு வகை இருக்கு. புருவப் புள்ளிகளை ஒரு கணக்கு வச்சு மேல தள்ளிவிட்டு நெத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கும். கணக்குதான், கண்ணால பார்த்து இல்ல. நெத்தி எவ்வளவு உயரம், முண்டாசு எங்க ஆரம்பிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. சில ஃபிரேம்ல முண்டாசு மேலயே தோல் ஏறிடுச்சு.

ரெண்டாவது கோளாறு, பக்கவாட்டு முகம். வரப்பு திரும்பற இடத்துல சின்னத் தாத்தா முகம் முழுசா பக்கவாட்டுல தெரியுது. ரப்பர் பேண்டுக்குப் பள்ளம் தெரியாது இல்லியா? மூக்கு நுனிக்கும் தாடைக்கும் நடுவுல இருக்கற குழிவுல பின்னாடி இருக்கற நெல்லுப் பயிர் தெரியும். ரப்பர் பேண்ட் அதையும் சேர்த்து வளைச்சுப் போட்டுடும். நெட்வொர்க் அந்த இடத்துல என்ன வரையறதுன்னு தெரியாம மங்கலா ஒரு பச்சையைப் பூசிவிடும். பார்க்கறதுக்கு மூக்குக்குக் கீழ பாசி புடிச்ச மாதிரி இருந்துச்சு, சாமி சத்தியமா.

மூணாவதுதான் பெருசு. அந்த 55 ஃபிரேம். துண்டு முகத்துக்கு முன்னாடி வருது. புள்ளி கண்டுபிடிக்கற நெட்வொர்க் அசரவே இல்ல. துண்டுக்குப் பின்னாடி வாய் இங்கதான் இருக்கும்னு அனுமானிச்சு 20 புள்ளியும் வச்சுடுச்சு. ஒரு விதத்துல கெட்டிக்காரத்தனம்தான். ஆனா மாஸ்க்குக்கு அது விஷம். விளைவு, துண்டு மேல தாத்தா வாய் மிதக்குது. அக்கா பையன் பயந்து ஸ்பேஸ் பாரைத் தட்டிட்டான்.

இந்த இடத்துலதான் நண்பரோட பதிவைப் படிச்சு நெட்வொர்க் மாஸ்க்குக்குத் தாவினேன்.

இது புள்ளி வைக்காது. ஒவ்வொரு பிக்ஸலையும் பார்த்து இது தோல், இது முடி, இது துணின்னு பேர் வைக்கும். நான் எடுத்தது `bisenet-fp`. இதுக்கு ரெண்டு வித எடை இருக்கு, `original`, `faceswap`னு. `original` படிச்சது CelebAMask-HQ-ங்கற தொகுப்புல. 30,000 படம், 19 வகுப்பு, பெரும்பாலும் சினிமா, விளையாட்டுப் பிரபலங்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கற படம். அந்த 19-ல தோடுக்கு ஒரு வகுப்பு இருக்கு, கழுத்துச் சங்கிலிக்கு ஒண்ணு இருக்கு, தொப்பிக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு. கைக்குக் கிடையாது. மீசைக்குக் கிடையாது. விபூதிக்கா? சிரிக்காதீங்க.

ஓட்டிப் பார்த்தேன். துண்டை அழகா வெட்டிடுச்சு, அதுல பொய் சொல்லமாட்டேன். 55-ல 40-க்கு மேல சரி. பக்கவாட்டு முகத்துல மூக்குக் குழிவும் சுத்தம், பாசி போச்சு. "நண்பர் சொன்னது சரிதான் போல"ன்னு ஒரு டீ குடிச்சுட்டு வந்து முழு வீடியோவையும் ஓட்டினா நெத்தி மின்னுது. ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் போன மாதிரி ஒரு ஃபிரேம்ல நெத்தி தாத்தாவுது, அடுத்த ஃபிரேம்ல சின்னத் தாத்தாவுது, மறுபடி தாத்தா.

மாஸ்க்கைத் தனியா எடுத்துப் பார்த்தப்பதான் காரணம் புரிஞ்சுது. பட்டை விபூதி இருக்கற இடத்துல ஓட்டை. சில ஃபிரேம்ல அந்த வெள்ளையை `cloth`னு சொல்லுது, சிலதுல `hat`, சிலதுல ஒழுங்கா `skin`. தலை ரெண்டு டிகிரி அசைஞ்சா முடிவை மாத்திக்குது. இன்னொண்ணு, மத்தியான வெயில்ல முண்டாசு நிழல் நெத்தியில கறுப்புப் பட்டையா விழுது. அதை `hair`னு முடிவு கட்டிடுச்சு. எடையை `faceswap`னு மாத்தினேன். இது பலவிதமான ஒளியிலும், முகம் மறைபடற படங்களிலும் பழகினது. துண்டு இன்னும் நல்லா வந்துச்சு, நிழலும் கொஞ்சம் தேவலை. விபூதி மட்டும் அப்படியே மின்னிச்சு.

அதுக்கு யாரும் விபூதியைக் காட்டல. அவ்ளோதான் விஷயம். லேண்ட்மார்க் மாஸ்க்குக்கு முகத்தோட வடிவம் தெரியும், முன்னாடி என்ன நிக்குதுன்னு தெரியாது. நெட்வொர்க் மாஸ்க்குக்கு முன்னாடி நிக்கறது தெரியும், ஆனா சொல்லிக்குடுத்தது மட்டும்தான். "புதுசு, அதனால நல்லது"ங்கற நண்பரோட வாதம் திருக்கடையூர்ல செல்லாது, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசல்லயும் செல்லாது. பட்டை, மூக்குத்தி, நெத்திச்சுட்டி, முண்டாசுன்னு நம்ம ஊர் முகம் சும்மா இருக்காது.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். 2024 ஜனவரியில டி.ஆர்.பாலுவோட புத்தக விழாவுல கலைஞர் திரையில வந்து பேசின வீடியோ ஞாபகம் இருக்கும். 2018-ல மறைஞ்சவர், கறுப்புக் கண்ணாடியும் மஞ்சத் துண்டுமா வந்தார். செஞ்சது செந்தில் நாயகத்தோட மியூவோனியம் நிறுவனம். அரசியலை விடுங்க, எனக்குக் கண்ணு போனது அந்தக் கறுப்புக் கண்ணாடி மேலதான். கண்தான் சட்டுனு காட்டிக்குடுக்கற இடம், அது மூடியே இருந்தா செய்யறவனுக்குப் பாதி பாரம் குறைஞ்சுது. அதே கண்ணாடி முகமாற்று மாஸ்க்ல வந்தா தலைவலி. லேண்ட்மார்க், கண்ணாடிக்குப் பின்னாடி கண் இருக்கறதா நினைச்சுப் புள்ளி வச்சு, கண்ணாடி முழுசையும் புது முகத்தால மூடிடும். நெட்வொர்க் மாஸ்க்ல `include_glasses`னு ஒரு தேர்வு இருக்கு. அதை வச்சா கண்ணாடியும் மாறும், எடுத்தா கண்ணாடி அசலா நின்னு சுத்தி மட்டும் மாறும். எது சரிங்கறது யாரோட கண்ணாடி உங்களுக்கு வேணுங்கறதைப் பொறுத்தது, அதை எந்த மாஸ்க்கும் முடிவு பண்ணமுடியாது. அவரே 2023-ல 'காவாலா' பாட்டுல தமன்னா முகத்துக்குப் பதிலா சிம்ரன் முகத்தை வச்சு ஒண்ணு செஞ்சார். அந்த மாதிரி ஆட்டத்துல முடியும் கையும் முகத்துக்குக் குறுக்க வந்துக்கிட்டே இருக்கும். அங்க வெறும் ரப்பர் பேண்டை நம்பினா கதை கந்தல்.

சரி, சண்டைக்கு வரேன். நண்பர் இன்னொரு குண்டும் போட்டிருந்தார்: "எதுவுமே வேணாம், `predicted` போடுங்க, முகம் வரையற நெட்வொர்க்கே மாஸ்க்கையும் வரைஞ்சுடும்." கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நெட்வொர்க் மாஸ்க் வரைய எங்க கத்துக்குது? பயிற்சி நேரத்துல `learn_mask` போட்டா, `mask_type`ல நீங்க எந்த மாஸ்க்கைக் குடுத்தீங்களோ அதைப் பார்த்து வரையத்தான் கத்துக்கும். நீங்க குடுத்தது `extended`னா, வெளிய வர்றது `extended`டோட மங்கலான நகல். துண்டை வெட்டுமான்னு பார்த்தேன், வெட்டல. வாத்தியார் நோட்டைப் பார்த்து எழுதற பையன், வாத்தியார் செஞ்ச தப்பையும் சேர்த்துத்தானே எழுதுவான். ஒரு நல்லது இருக்கு, மறுக்கல: ஓரம் வழவழன்னு இருக்கும், ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுங்காது. மத்தபடி அதை மூணாவது வகைன்னு சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒண்ணை அவர் தொடவே இல்ல. பயிற்சிக்கும் மாஸ்க் உண்டு. `penalized_mask_loss` போட்டிருந்தா, மாஸ்க்குக்கு வெளிய வரையறதுல தப்பு வந்தாலும் நெட்வொர்க் கவலைப்படாது, அதைக் கத்துக்கவே மெனக்கெடாது. நான் முதல் பயிற்சியைப் புருவத்தோட நிக்கற மாஸ்க்ல ஓட்டிட்டேன். நாலு நாள் ராத்திரி பகலா. அப்புறம் ஒட்டற நேரத்துல மட்டும் நெத்தி வரைக்கும் மாஸ்க்கை ஏத்தினா அங்க தாத்தா நெத்தி வரல, கஞ்சி மாதிரி ஒரு கலங்கல் வந்துச்சு. குறுவை விதைச்சுட்டு அறுக்கும்போது சம்பா கேட்டா எப்படி? மறுபடி முதல்லேர்ந்து, நெத்தி சேர்ந்த மாஸ்க்கோட நாலு நாள். ரெண்டு வாரம் எங்க போச்சுன்னு இப்ப புரியுதா?

அடுத்தது ஒட்டற வேலை. நிறம் ஒத்துப்போகணும்னு `seamless-clone` போட்டேன், உள்ள ஓடறது `cv2.seamlessClone`. இது மாஸ்க் ஓரத்துல இருக்கற அசல் படத்தோட நிறத்தை எடுத்துக்கிட்டு, உள்ள இருக்கற முகம் முழுசையும் அதுக்குப் பொருந்தற மாதிரி நகத்தும். ஓரம் தோல்ல விழுந்தா அற்புதமா இருக்கும். ஓரம் விபூதி மேல விழுந்தா? அந்த வெள்ளை உள்ள கசியும். என் வீடியோவுல நெத்தியிலேர்ந்து மூக்கு வரைக்கும் பவுடர் பூசின மாதிரி வெளுப்பு இறங்கிச்சு. நான் பயிற்சி சரியில்லைன்னு ரெண்டு நாள் தேடினேன். தப்பு பயிற்சியில இல்ல, மாஸ்க்கோட மேல் ஓரம் பட்டைக்கு நடுவுல போனதுதான். ஒண்ணு விபூதிக்குக் கீழ முடியணும், இல்ல அதைத் தாண்டி முண்டாசு ஓரம் வரைக்கும் போகணும். நடுவுல வெட்டக்கூடாது.

இதே கட்டளையில இன்னொரு குழி. முகத்தை எங்க வைக்கறதுங்கறதை மாஸ்க்கைச் சுத்தின கட்டத்தோட நடுப்புள்ளியை வச்சு முடிவு பண்ணும். நெட்வொர்க் மாஸ்க் எங்கயோ ஓரத்துல, காதுகிட்ட ஒரு பொட்டு வெள்ளையைத் தெளிச்சா கட்டம் பெருசாகும், நடுப்புள்ளி நகரும், முகமே ரெண்டு பிக்ஸல் துள்ளும். கோடை நேரா எழுதறவங்க இதுல கட்டாயம் மாட்டுவீங்க. பெரிய துண்டு ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, சின்னப் பொட்டுகளைத் துடைச்சுடுங்க.

இதெல்லாம் கண்ணுக்கு எப்பத் தெரியும்? ஒட்டின வீடியோவைப் பார்த்தா சந்தேகம் மட்டும்தான் வரும், காரணம் தெரியாது. மாஸ்க்கைத் தனி வீடியோவா போட்டுப் பாருங்க. கூடவே ஒவ்வொரு ஃபிரேம்லயும் வெள்ளை எவ்வளவுன்னு எண்ணிக்கங்க:

```python
area = (mask > 127).sum()
```

லேண்ட்மார்க் மாஸ்க்ல இந்த எண் ஆத்துத் தண்ணி மாதிரி மெதுவா ஏறி இறங்கும். தப்பு நடக்கற இடத்துலயும் மெதுவாத்தான் போகும், அதனால அந்த 55 ஃபிரேமை இந்த எண் காட்டிக்குடுக்கவே இல்ல. நெட்வொர்க் மாஸ்க்ல தப்பு நடந்தா எண் சடார்னு குதிக்கும். பக்கத்து ஃபிரேமைவிட 5 சதவீதத்துக்கு மேல மாறினதை எல்லாம் தனியா எடுத்தேன், 130 சொச்சம் வந்துச்சு. அதுல முக்கால்வாசி விபூதி. ஆக ஒண்ணு அமைதியா தப்பு பண்ணுது, இன்னொண்ணு சத்தம் போட்டுத் தப்பு பண்ணுது. முதல் வகையைக் கண்ணாலதான் புடிக்கணும்.

கடைசியா நான் செஞ்சது இதுதான். ரெண்டையும் எடுத்து, ரெண்டும் ஒத்துக்கற இடத்துல மட்டும் வெள்ளை:

```python
out = cv2.min(hull_mask, seg_mask)
```

வெளி எல்லையை `extended` சொல்லும், துண்டையும் கையையும் முண்டாசையும் நெட்வொர்க் வெட்டும். ஆனா இதை அப்படியே விட்டா விபூதி ஓட்டையும் கூடவே வரும். அதுக்கு ஒரு சின்ன உபாயம். துண்டும் கையும் எப்பவும் வெளியிலேர்ந்து உள்ள வரும், அதனால அந்த வெட்டு மாஸ்க் ஓரத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கும். விபூதி ஓட்டை நெத்தி நடுவுல தீவு மாதிரி நிக்கும். `min` எடுக்கறதுக்கு முன்னாடியே `seg_mask`ல வெளிக்கோட்டை மட்டும் எடுத்து (`cv2.RETR_EXTERNAL`) உள்ளயிருக்கறதை முழுசா நிரப்பிட்டா, தீவு மறைஞ்சுடும், துண்டு வெட்டு நிக்கும். நூத்தி முப்பது சொச்சம் 20-க்கு இறங்கிச்சு. மிச்சம் 20-ல பட்டையோட மேல் கோடு முண்டாசைத் தொடுது. தீவு கரையோட ஒட்டிப்போச்சு, உபாயம் பலிக்கல. அதையும், துண்டுல சொதப்பின பத்துப் பன்னெண்டு ஃபிரேமையும் `manual` கருவியில உட்கார்ந்து மவுசால பூசினேன். ஒரு ஃபிரேமுக்கு ரெண்டு நிமிஷம். ஒரு ராத்திரி வேலை.

விபூதி இல்லாம மறுபடி எடுத்துடலாமேன்னு அக்கா பையன் கேட்டான். சின்னத் தாத்தா முறைச்ச முறைப்புல அதோட விட்டுட்டான். ஓரமா `XSeg` பத்திப் படிச்சிட்டிருக்கேன். அதுல நாமளே நம்ம ஃபிரேம்ல கோடு போட்டுக் காட்டி, நம்ம முகத்துக்குன்னு ஒரு மாஸ்க் நெட்வொர்க்கைப் பழக்கலாம். விபூதியும் நெத்திதான்னு அதுக்கு நான் சொல்லிக்குடுத்தா மட்டுமே அதுக்குத் தெரியும். நண்பர் "நெட்வொர்க் மாஸ்க்"னு சொன்னப்ப இதைச் சொல்லியிருந்தா நான் சண்டைக்கே வந்திருக்கமாட்டேன்.

அப்பாயிகிட்ட போன ஞாயித்துக்கிழமை மறுபடி போட்டுக் காட்டினேன். மூணு தடவை பார்த்தாங்க. நெத்தியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. துண்டு வர்ற இடத்துல மட்டும் நிறுத்தச் சொன்னாங்க. நான் வாய் மிதக்குதோன்னு பதறிட்டேன். "அவரு எடது கையாலதான்டா தொடைப்பாரு"ன்னாங்க. அக்கா பையன் வீடியோவைக் கண்ணாடி மாதிரி இடவலமா திருப்பிட்டா என்ன மாமாங்கறான். திருப்பினா தாத்தாவோட மரு அந்தப் பக்கம் போயிடுமே. அதையும் அப்பாயி கண்டுபிடிப்பாங்க.